நகர்ந்த பைல் ஒன்று, சுமை ஏறியது பக்கத்துப் பைலில்: பைல் கேப் பற்றிய கேள்வி பதில்

கடலூர் முதுநகர், தள மேற்பார்வையாளர்: ஐயா, தூணில் 148 டன் சுமை. ஒரு பக்கம் நீண்டிருக்கும் கேன்டிலீவர் போர்டிகோவால் 24 டன்-மீட்டர் மொமென்ட், அதாவது தூணை ஒரு பக்கம் சாய்க்கப் பார்க்கும் திருப்பம், நிரந்தரமாக இருக்கிறது. மண்ணுக்குள் இறக்கிய கான்கிரீட் கால்களாக 500 மி.மீ. விட்டத்தில் நான்கு பைல்கள், 1.5 மீட்டர் இடைவெளி, ஒரு பைலின் பாதுகாப்பான தாங்குதிறன் 50 டன். நான்கால் வகுத்தால் 37 டன் வருகிறது. மொமென்டுக்காக எவ்வளவு கூட்ட வேண்டும்?

அதைக் கூட்டுவதற்கு முன், விட்டுப்போன ஒரு சுமையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பைல்களின் தலைகளை இணைத்துத் தூணைத் தாங்கும் கான்கிரீட் கட்டிதான் கேப். வெளிப்பக்கப் பைலின் விளிம்பிலிருந்து கேப்பின் விளிம்பு வரை 150 மி.மீ. விட்டால் உங்கள் கேப் 2.3 மீட்டர் சதுரமாகும். 900 மி.மீ. தடிமனில் அதன் எடை மட்டுமே ஏறக்குறைய 12 டன். அதையும் பைல்கள்தாம் சுமக்கின்றன. கேப்புக்கு அடியிலுள்ள மண் தாங்கிக்கொள்ளும் என்று கணக்கில் எடுக்கக் கூடாது, ஏனெனில் அந்த மண் நாளடைவில் இறங்கிக் கேப்பை விட்டு விலகிவிடக்கூடும். ஆகவே மொத்தச் சுமை 160 டன், பைல் ஒன்றுக்கு 40 டன். கேப்பின் மேல் மண் நிரப்புவதாக இருந்தால் அதுவும் சேரும். இங்கே அதை விட்டுவிட்டுச் சொல்கிறேன்.

மொமென்டின் பங்கை P = V/n ± M·x/Σx² என்ற சூத்திரம் தருகிறது. இதில் P ஒரு பைலின் சுமை, V மொத்தச் சுமை, n பைல்களின் எண்ணிக்கை, M மொமென்ட்; x என்பது பைல் கூட்டத்தின் மையத்திலிருந்து அந்தப் பைல் இருக்கும் தொலைவு. உங்கள் பைல்கள் எல்லாம் மையத்திலிருந்து 0.75 மீட்டரில் இருப்பதால் Σx² = 2.25, எனவே 24 × 0.75 ÷ 2.25 = 8 டன். போர்டிகோ பக்கத்துப் பைல்கள் இரண்டும் 48 டன் சுமக்கும். கட்டடப் பக்கத்தவை 32 டன் சுமக்கும். கேப் வளையாமல் ஒரே தளமாகச் சாய்கிறது, பைல்கள் எல்லாம் ஒரே அளவு விறைப்புள்ளவை என்ற இரண்டு அனுமானங்களின் மேல்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. தூணின் முகத்திலிருந்து பைலின் மையம் வரை 0.55 மீட்டர்தான் இருப்பதால், 900 மி.மீ. தடிமனுள்ள கேப்புக்கு முதல் அனுமானம் நன்றாகவே பொருந்தும். மெல்லிய, அகலமான கேப்பில் தூணுக்கு அருகிலுள்ள பைல்கள் கணக்கில் வருவதைவிட அதிகமாக வாங்கிக்கொள்ளும்.

நெல்லிக்குப்பம், ஒப்பந்ததாரர்: இடைவெளியை 2 மீட்டராக்கினால் அந்த 8 டன் 6 டன்னாகக் குறையுமே. அகலமாகப் போட்டுவிட்டால் பிரச்சினையே இல்லை அல்லவா?

குறையும் என்பது சரி, பிரச்சினை இல்லை என்பதுதான் சரியில்லை. 2 மீட்டர் இடைவெளிக்குக் கேப் 2.8 மீட்டர் சதுரமாக வளரும். பைல் தூணிலிருந்து விலகிப் போவதால் வளைவும், கேப்பை வெட்டப் பார்க்கும் ஷியர் விசையும் கூடி, தடிமனையும் ஏற்ற வேண்டியிருக்கும்; 1.1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது கேப்பின் எடை 12 டன்னிலிருந்து ஏறக்குறைய 21.5 டன்னாகிறது. பைலுக்குத் தூணிலிருந்து 37, கேப்பிலிருந்து 5.4, மொமென்டிலிருந்து 6, ஆக 48.4 டன். கான்கிரீட்டுக்கும் கம்பிக்கும் கூடுதலாகச் செலவழித்த பிறகும் பழைய 48-க்குக் கீழே வரவில்லை. சுமை குறைவாகவும் மொமென்ட் பெரிதாகவும் உள்ள தூண்களில் உங்கள் வழி நன்றாக வேலை செய்யும். இந்தத் தூண் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல.

பாகூர், பொறியியல் மாணவி: பைல்களின் இடைவெளி விட்டத்தைப் போல் மூன்று மடங்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் பகுதியில் ஒரு வரைபடத்தில் 2.5 மடங்கு பார்த்தேன். எது விதி?

இரண்டும் விதிதான். இந்தியத் தர நூலான ஐ.எஸ். 2911, பக்க உராய்வால் முக்கியமாகத் தாங்கும் பைல்களுக்குக் குறைந்தது 3 மடங்கும், கெட்டியான அடுக்கில் ஊன்றி அடிமுனையால் தாங்குபவற்றுக்கு 2.5 மடங்கும், பாறையில் அமர்பவற்றுக்கு 2 மடங்கும் சொல்கிறது. உராய்வுப் பைல் தன் சுமையைச் சுற்றியுள்ள மண்ணுக்குள் பரப்புகிறது. பக்கத்துப் பைலும் அதே மண்ணில் பரப்பினால் இரண்டும் ஒன்றின் பங்கை ஒன்று தின்னும். கூட்டமாக இறங்கும் அளவும் கூடும். பாறையில் அமர்ந்த பைலுக்கு அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை.

கெடிலம், தென்பெண்ணை முகத்துவாரங்களின் பக்கம் மணலும் களியும் மாறி மாறி வரும் இடங்களில் பைல் இரண்டு வழியாலும் தாங்கும். எந்தப் பங்கு பெரியது என்பதை மண் ஆய்வறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சந்தேகம் இருந்தால் நான் 3 மடங்கையே எடுப்பேன்.

கடலூர் முதுநகர், தள மேற்பார்வையாளர்: கேட்கத் தயங்கிய விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். போர்டிகோ பக்கத்துப் பைல் ஒன்று கட்டடத்தை நோக்கி 150 மி.மீ. நகர்ந்து விழுந்துவிட்டது. அந்த ஒரு பைலுக்கு மட்டும் சுமை ஏறுமா?

150 மி.மீ. அனுமதிக்கப்பட்ட விலகல் அல்ல. 500 மி.மீ. பைலுக்கு எல்லை 75 மி.மீ. ஆகவே வடிவமைப்பாளருக்கு எழுத்தில் தெரிவித்து, கேப்புக்குக் கம்பி கட்டும் முன்பே மறுகணக்கு வாங்குங்கள். அந்தக் கணக்கு எப்படிப் போகும் என்று சொல்கிறேன், விடை நீங்கள் எதிர்பார்த்தபடி இருக்காது.

ஒரு பைல் 150 மி.மீ. நகர்ந்தால் நான்கு பைல்களின் பொது மையம் அதில் நாலில் ஒரு பங்கு, அதாவது 37.5 மி.மீ., கட்டடப் பக்கம் நகரும். தூணும் கேப்பின் எடையும் பழைய இடத்திலேயே இருப்பதால் 160 × 0.0375 = 6 டன்-மீட்டர் புதிதாகப் பிறக்கிறது. அது ஏற்கெனவே உள்ள மொமென்டின் திசையிலேயே சேர்ந்து, மொத்தம் 30 டன்-மீட்டராகிறது. புதிய மையத்திலிருந்து தொலைவுகளை அளந்தால், நகர்ந்த பைல் 0.6375 மீட்டர், அதன் வரிசையில் நகராமல் நிற்கும் பைல் 0.7875 மீட்டர், மற்ற இரண்டும் எதிர்ப்பக்கம் 0.7125 மீட்டர். Σx² 2.04 ஆகச் சுருங்கிவிடுகிறது. கூட்டம் சமச்சீர் இழந்துவிட்டதால் மற்றத் திசையிலும் சிறிது சாய்வு வரும். அதையும் சேர்த்துத் தீர்த்தால் நகர்ந்த பைலுக்கு ஏறக்குறைய 50 டன், நகராத பக்கத்துப் பைலுக்கு 51, எதிர்வரிசையில் 30, 29 டன் கிடைக்கின்றன. கூட்டிப் பாருங்கள், 160 வரும்.

எல்லை தாண்டியது சரியான இடத்தில் நிற்கும் பைல்தான். தளத்தில் எல்லோரும் நகர்ந்த பைலைச் சுற்றி நின்று பேசுவார்கள், இந்தப் பைலை யாரும் பார்க்க மாட்டார்கள். 50 டன் பைலுக்கு 51 டன் என்பது இரண்டு சதவீத மிகை. பைல் போட்டபின் தெரியவரும் இத்தகைய மிகையை 10 சதவீதம் வரை விதிநூல் ஏற்கிறது. ஆகவே சுமையளவில் இது தேறும். ஆனால் நகர்ந்த பைலுக்கும் எதிர்வரிசைப் பைலுக்கும் இடைவெளி 1.35 மீட்டராக, அதாவது 2.7 மடங்காகக் குறைந்துவிட்டது. உங்கள் பைல்கள் உராய்வால் தாங்குபவை என்றால் அது குறைவு. அடிமுனையால் என்றால் போதும். இதை நான் இங்கிருந்து தீர்க்க முடியாது. மண் ஆய்வு செய்தவரிடம் கேளுங்கள்.

நெல்லிக்குப்பம், ஒப்பந்ததாரர்: பைலை 75 டன் வரை ஏற்றிச் சோதனை செய்துதானே ஒப்புக்கொண்டோம்? 51-க்கு ஏன் இவ்வளவு கணக்கு?

வழக்கமான சோதனையில் பாதுகாப்பான சுமையின் ஒன்றரை மடங்கு ஏற்றுவது, 50 டன்னை நம்பலாமா என்று பார்ப்பதற்காக. அந்த மிச்சம் மண்ணின் மாறுபாட்டுக்கும் துளையிடும்போது ஊற்றும் பெண்டனைட் சகதி அடியில் தங்கிய பைல்களுக்கும் ஒதுக்கியது. சோதனை செய்தது ஒரு பைலை. பக்கத்தில் மூன்று பைல்கள் சேர்ந்து அழுத்தும்போது அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்தச் சோதனை காட்டாது.

வில்லியனூர், வீட்டு உரிமையாளர்: எங்கள் வீட்டில் ஒரு தூணுக்கு இரண்டே பைல். தாங்குதிறன் போதும் என்கிறார்கள். நீங்கள் சொல்லும் மொமென்ட் கணக்கு அதற்கும் பொருந்துமா?

பைல்கள் இரண்டும் நிற்கும் கோட்டின் திசையில் பொருந்தும். அதற்குக் குறுக்காக எல்லா x மதிப்பும் சுழியம், Σx²-உம் சுழியம். அந்தத் திசை மொமென்டை எதிர்க்க அங்கே ஒன்றுமில்லை, பைலின் தண்டே வளைய வேண்டும். ஆகவே குறுக்குத் திசையில் பக்கத்துத் தூணின் கேப்போடு இணைக்கும் டை பீம் இருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். தரை மட்டத்துக்கு மேலுள்ள மெல்லிய பிளிந்த் பீமைக் காட்டி இதுதான் அது என்று சொன்னால், அது கேப்போடு சேர்கிறதா, இந்த மொமென்டுக்குக் கம்பி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஒற்றைப் பைல் என்றால் இரண்டு திசைகளிலும் பீம் வேண்டும்.

பாகூர், பொறியியல் மாணவி: முதல் கேள்வியிலுள்ள கேப்பை மென்பொருளில் போட்டேன். ஒருவழி ஷியர் சுழியம் என்று காட்டுகிறது. தவறா?

தவறில்லை. கேப்பின் மேல்முகத்திலிருந்து அடிக்கம்பி வரையுள்ள செயல்படு ஆழத்தை 800 மி.மீ. என்று கொண்டால், சோதிக்க வேண்டிய வெட்டு தூணின் முகத்திலிருந்து அந்த ஆழத்தளவு தள்ளி, அதாவது தூணின் மையத்திலிருந்து 1 மீட்டரில் விழுகிறது. பைலின் வெளிவிளிம்பும் அதே 1 மீட்டரில். பைல் முழுவதும் வெட்டுக்கு உள்ளே இருப்பதால் அதன் எதிர்விசையை எடுக்க வேண்டாம் என்று கான்கிரீட்டுக்கான தர நூலான ஐ.எஸ். 456 சொல்கிறது. ஆனால் சுழியத்தைப் பார்த்துத் தடிமனைக் குறைத்துவிடாதீர்கள். சுமை தூணிலிருந்து பைலுக்குச் சாய்வாக நேரே இறங்குகிறது. அடிக்கம்பி அந்தச் சாய்வை விலகாமல் கட்டி இழுக்கிறது. எனவே கம்பி பைலைத் தாண்டி உரிய நீளம் போய் மேலே மடிந்திருக்க வேண்டும். தளத்தில் நான் முதலில் குனிந்து பார்ப்பது அந்த மடிப்பைத்தான். விளிம்பு 150 மி.மீ. மட்டும் இருக்கும் கேப்பில் நேராக வெட்டி விட்ட கம்பிக்குப் பிடிப்பு போதாது.

கடலூர் முதுநகர், தள மேற்பார்வையாளர்: இதே போல் இன்னும் இரண்டு தூண்களுக்குப் பைல் போடவில்லை. அவற்றில் எதையாவது மாற்றலாமா?

மாற்றலாம். உங்கள் மொமென்ட் நிரந்தரமானது, ஒரே திசையில் உள்ளது. 24-ஐ 148-ஆல் வகுத்தால் 0.16 மீட்டர். பைல் கூட்டத்தையும் கேப்பையும் தூணிலிருந்து போர்டிகோ பக்கமாக 160 மி.மீ. தள்ளிப் போட்டால் மொமென்ட் ஏறக்குறைய முழுதும் தீர்ந்து, நான்கு பைல்களும் 40 டன் சுமக்கும். காற்றால் வரும் மொமென்டுக்கு இது உதவாது, காற்று திசை மாறும். போர்டிகோ வார்ப்பதற்கு முன் எதிர்த்திசையில் கொஞ்சம் மொமென்ட் இருக்கும். அப்போது தூணின் சுமையும் குறைவு என்பதால் பொதுவாகத் தொல்லை தராது, ஆனாலும் வடிவமைப்பாளர் அதைச் சரிபார்க்க வேண்டும். வரைபடத்தில் அந்த 160 மி.மீ.-ஐ அம்புக்குறியோடும் "போர்டிகோ பக்கம்" என்ற எழுத்தோடும் குறிக்கச் சொல்லுங்கள். குறி போடுபவர் பழக்கத்தால் தூணை நடுவில் வைத்தால் பழைய 48 டன்தான் வரும். தவறான பக்கம் தள்ளினால் மொமென்ட் இரட்டித்து 56 டன்னாகிவிடும், அது 10 சதவீத எல்லைக்கும் வெளியே.