அண்ணாச்சியின் கை எட்டும் இடம்

"கொளத்தூரில் வீட்டோடு ஒட்டிய சிறு கூடத்தில் கேழ்வரகு ரிப்பன் பக்கோடா செய்து 10 ரூபாய் பாக்கெட்டாகப் போடுகிறோம். காரம், பூண்டு, மிளகு என மூன்று வகை. வில்லிவாக்கம், பெரம்பூர் பக்கம் 40 மளிகைக் கடைகளில், வகைக்குப் பத்தாகக் கடைக்கு 30 பாக்கெட் கொடுத்தோம். ஒரு மாதத்தில் எட்டு, ஒன்பதுதான் போயிருக்கிறது. சாப்பிட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். சொந்தமாக ஸ்டாண்டு செய்து கடைகளில் வைக்கலாமா? எங்கே வைக்கவேண்டும், எத்தனை பாக்கெட் வெளியே தெரியவேண்டும்?"
— ஒரு வாசகி, கொளத்தூர்

ஸ்டாண்டு வேண்டாம். சின்ன மளிகைக் கடையில் தரை முழுவதும் அரிசி மூட்டைக்கும் தண்ணீர் கேனுக்கும் சொந்தம். வாசலில் வைக்கிற ஸ்டாண்டை இரவு ஷட்டர் இறக்குமுன் உள்ளே தூக்கிவைத்து, காலையில் மறுபடி வெளியே எடுக்கவேண்டும். ஒரு வாரம் செய்வார்கள். பிறகு அது உள்ளேயே நின்றுவிடும். நான் முன்பு விற்பனைப் பிரிவில் இருந்த ஒரு நிறுவனம் ஆசை ஆசையாக ஸ்டாண்டு அடித்துக் கடைகளுக்குக் கொடுத்தது. மூன்று மாதம் கழித்துப் பார்க்கப் போனால் பாதிக் கடைகளில் அதன்மேல் முட்டை அட்டை அடுக்கியிருந்தது. ஒரு கடையில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

சூப்பர் மார்க்கெட்டில் வாங்குகிறவர் அலமாரிகளுக்கு நடுவே நடந்து, தானே எடுத்துக்கொள்கிறார். அண்ணாச்சி கடையில் அவர் தெருவில் நிற்கிறார். கேட்டதை எடுத்துக் கொடுப்பது இன்னொருவர் கை. அதனால் இங்கே ஓர் இடம் நல்ல இடமா என்று சொல்ல இரண்டு கேள்விகள் போதும். நிற்கிறவர் கண்ணுக்குத் தெரிகிறதா? உட்கார்ந்திருப்பவர் கைக்கு எட்டுகிறதா? இரண்டில் ஒன்று தவறினாலும் சரக்கு நகராது. எழுந்து போய் எடுக்கவேண்டிய பாக்கெட்டைக் கடைக்காரர் தானாக எடுத்துக் காட்டமாட்டார். சாயங்கால நெரிசலில் யாராவது பெயர் சொல்லிக் கேட்டால்கூட, "அது இல்லை, இது இருக்கிறது" என்று பக்கத்தில் தொங்குவதைக் கிழித்துக் கொடுத்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. பத்து ரூபாய்ப் பொருளுக்காக ஒரு நாளைக்கு எத்தனை முறை எழுந்திருப்பார்?

ஆகவே நீங்கள் கேட்டு வாங்கவேண்டியது கல்லாப் பக்கம், கடை வாசலின் முன்விளிம்பில், சரம் தொங்கவிட ஒரு கொக்கி இடம். உயரத்தை அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மழைநீர் ஏறாமலிருக்க நம் ஊரில் பல கடைகளின் தரையை ஒரு படி, இரண்டு படி உயர்த்திக் கட்டியிருப்பார்கள். உள்ளே நின்று பார்த்து "கண் மட்டத்தில் இருக்கிறது" என்று மாட்டிவிட்டு வந்தால், தெருவில் நிற்பவருக்கு அது தலைக்கு மேலே போயிருக்கும். வாங்குகிறவர் கால் வைக்கும் இடத்திலிருந்து அளக்கவேண்டும். அங்கிருந்து நாலு அடி முதல் ஐந்தடிவரை பெரியவர்களின் பார்வை தானாக விழும் பட்டை. மூன்றரை அடி பள்ளிப் பிள்ளைகளுக்கு. பத்து ரூபாய்ப் பக்கோடாவை இருவரும் வாங்குவார்கள் என்பதால் உங்கள் சரம் இந்த இரண்டு உயரத்தையும் தொடவேண்டும். மாட்டி முடித்ததும் தெருவில் இறங்கி, வாங்க வந்தவர்போல நின்று, கைபேசியில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் உங்கள் பாக்கெட்டைத் தேடவேண்டியிருந்தால் இடம் சரியில்லை.

இப்போது சரத்துக்கு வருகிறேன். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

பன்னிரண்டு பாக்கெட் கோத்த சரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாக்கெட் ஏழு அங்குல உயரம். மேல் பாக்கெட்டின் அடிப்பகுதியைக் கீழ்ப் பாக்கெட் மறைக்கும்படி, மூன்று அங்குலத்துக்கு ஒன்றாக நாடாவில் வரிசையாக இருக்கிறது. ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் உள்ள பெயர் தெரியும், எனவே அமைப்பில் பிழையில்லை. மொத்த நீளம் 40 அங்குலம். ஆறடி உயரக் கொக்கியில் மாட்டினால் முனை இரண்டே முக்கால் அடிக்கு அருகில் வரும். முதல் நாள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கடைக்காரர் கீழிருந்துதான் கிழிப்பார். ஒன்பது போய் மூன்று மிஞ்சும்போது சரத்தின் அடிமுனையே ஐந்தடியைத் தொட்டுவிடும். அதாவது, விற்க விற்க உங்கள் சரக்கு கண்ணைவிட்டு மேலே ஏறிக்கொண்டே போகிறது. கடைசி மூன்று பாக்கெட் ஷாம்பு சரங்களுக்கு நடுவே தூசி படிந்து வாரக்கணக்கில் தொங்கும். அது தீர்ந்தால்தானே அடுத்த சரம் மாட்டுவார்? பக்கோடா நன்றாக விற்றதே அதன் விற்பனையை நிறுத்திவிடுகிறது. கடைக்காரரோ, "முதலில் போனது, இப்போது போகவில்லை" என்பார். சுவை சலித்துவிட்டது என்று நீங்கள் மசாலாவை மாற்றப் போவீர்கள்.

தீர்வு சுலபம். பன்னிரண்டு வேண்டாம்; எட்டெட்டாகக் கோத்து, இரண்டு சரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள். எட்டுப் பாக்கெட் சரம் 28 அங்குலம்தான். ஐந்தரை அடியில் மேல்முனை இருந்தால் அடிமுனை மூன்றடிக்குச் சற்று மேலே நிற்கும். கடைக் கொக்கி அதைவிட உயரத்தில் இருந்தால் கம்பியை வளைத்து ஒரு நீட்டுக் கொக்கி செய்து இறக்கிக்கொள்ளுங்கள். அரையடிக் கம்பி, ஸ்டாண்டு செய்யும் வேலையை முடித்துவிடும். ஒரு சரம் தீர்ந்தபின் மற்றதைக் கிழிக்கச் சொல்லுங்கள். ஒன்றாவது எப்போதும் முழுதாகத் தெரியும், வெறும் நாடா தொங்கினால் அடுத்த சரம் மாட்டும் நேரம் என்று கடைக்காரருக்கும் புரியும்.

இரண்டு சரம் பக்கத்தில் பக்கத்தில் என்று சொன்னதற்கு இன்னொரு காரணம் உண்டு. முன்னால் நிற்பவருக்கு ஒரு பொருளின் எத்தனை பாக்கெட் முகம் காட்டுகிறது என்பதை விற்பனைத் துறையில் ஃபேசிங் என்பார்கள். புதுப் பொருளுக்கு ஒன்றிலிருந்து இரண்டாக உயர்வதில் கிடைக்கும் பலன் பெரிது. மூன்று, நான்கு என்று கூட்டக் கூட்ட ஒவ்வொன்றும் தருவது குறைந்துகொண்டே போகும். பத்துப் பதினைந்து நிறுவனங்களின் பாக்கெட் தொங்குகிற வாசலில் ஒற்றை வரிசை கண்ணில் நிற்காது. ஒரே நிறம் இரண்டு வரிசையாகச் சேர்ந்தால் ஒரு பட்டையாகத் தெரியும்.

உங்கள் மூன்று வகைதான் இங்கே உங்களுக்கு எதிரி. காரம் ஒரு வரிசை, பூண்டு ஒரு வரிசை, மிளகு ஒரு வரிசை என்று பிரிந்தால் மூன்றும் ஒற்றை முகம். மூன்றுக்கும் மூன்று நிறத்தில் பாக்கெட் அச்சிட்டிருந்தால் (அப்படித்தான் செய்திருப்பீர்கள், எல்லோரும் செய்வார்கள்) மூன்று வெவ்வேறு சின்ன நிறுவனங்கள்போலத் தெரியும். எது அதிகம் போயிருக்கிறதோ அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு சரமும் அதையே மாட்டுங்கள். மற்ற இரண்டும் காத்திருக்கட்டும். முதல் வகையை ஆள்கள் பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கிய கடையில் இரண்டாவதை இறக்கலாம்.

பக்கத்தில் என்ன தொங்குகிறது என்பதையும் பாருங்கள். சோப்பு, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் பக்கம் வேண்டவே வேண்டாம். மெல்லிய பாக்கெட்டுக்குள் அந்த வாசனை இறங்கும். பெரிய நிறுவனம் கொடுத்த ரேக்கில் இடம் காலியாக இருக்கிறதே என்று வைக்காதீர்கள். அவர்கள் சேல்ஸ்மேன் வந்தவுடன் முதல் வேலையாக உங்கள் பாக்கெட்டை எடுத்துக் கீழே போடுவார். பன், பிஸ்கட், குளிர்பானப் பெட்டி இருக்கும் பக்கம் நல்லது.

கண்ணுக்கு நல்ல இடம் பக்கோடாவுக்குக் கெட்ட இடமாக இருக்கலாம். மேற்குப் பார்த்த கடையில் மூன்று மணிக்குமேல் வெயில் நேரே சரத்தின்மீது அடிக்கும். வெளிச்சமும் சூடும் சேர்ந்தால் எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை வந்துவிடும். உள்ளே தெரியும் கண்ணாடித் தாளில் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம். அப்படிப்பட்ட கடையில் சரத்தை ஓர் அடி உள்ளே, தகரக் கூரையின் நிழல் விழும் கோட்டுக்குப் பின்னால் தள்ளுங்கள். கொஞ்சம் குறைவாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. நாடாவில் கோக்கும்போது ஸ்டேப்ளர் பின் அடிப்பதையும் விட்டுவிடுங்கள். பின் கொஞ்சம் இறங்கிப் பையைத் துளைத்தால் சென்னைக் காற்றின் ஈரத்துக்கு ஓரிரு நாளில் பக்கோடா நமத்துவிடும். பின் கழன்று சாப்பிடுபவர் வாய்க்குள் போகும் ஆபத்து வேறு. மேல் ஒட்டுப்பட்டையை அகலமாக வைத்து அதில் துளையிட்டு, பிளாஸ்டிக் கொக்கிச் சரத்தில் மாட்டலாம். தயாரித்த தேதியும் கெடு தேதியும் அந்தப் பட்டைக்கடியில் மறையக் கூடாது.

அடுத்தது அளவு. கடைக்கு 30 கொடுத்தீர்கள், போனது ஒன்பது என்று வைத்துக்கொண்டாலும் மிச்சம் 21. எங்கோ அட்டைப்பெட்டியில் கிடக்கும் அந்த 21 பாக்கெட்டும் பழசாகிறது. அதைப் பார்க்கும் கடைக்காரருக்கும் உங்கள் பொருள்மேல் அலுப்பு வருகிறது. எல்லாக் கடையிலும் ஒரே நேரத்தில் மாற்ற முயலாமல், உங்கள் வீட்டிலிருந்து எளிதாகப் போகக்கூடிய பத்துக் கடைகளை எடுங்கள். பழையதைத் திரும்ப எடுத்து, தேதி பார்த்து, 16 பாக்கெட் மட்டும் இரண்டு சரமாக மாட்டுங்கள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில் போய் மிச்சத்தை எண்ணி எழுதுங்கள். அடுத்தடுத்த வாரங்களுக்கு, கடந்த வாரம் போனதில் ஒன்றரை மடங்கு சரக்கு கடையில் இருந்தால் போதும். வாரம் 12 போகும் கடையில் 18. இரண்டு சரமும் கூடுதலாக இரண்டு பாக்கெட்டும். அதற்குமேல் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இடத்தைச் சும்மா கேட்க வேண்டாம். கடைக்காரருக்குத் தரும் கமிஷனை ஏற்றினால் அது அவர் பைக்குள் போகும், இடம் மாறாது. அதற்குப் பதில், "இந்தக் கொக்கியில் ஒரு வாரம் இருந்தால் சரத்துக்கு ஒரு பாக்கெட் உங்களுக்கு" என்று பேசுங்கள். அடுத்த வாரம் நீங்கள் போகும்போது சரம் அதே கொக்கியில் இருந்தால் மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் சிரித்துவிட்டு நீங்களே எடுத்து அங்கே மாட்டுங்கள். சாயங்காலம் போகாதீர்கள். மதியம் இரண்டரை மணி வாக்கில் கடை ஓய்ந்திருக்கும், அண்ணாச்சி காது கொடுப்பார்.

சரியான இடத்தில் மூன்று வாரம் தொங்கியும் வாரத்துக்கு நான்கைத் தாண்டாத கடை இருந்தால், அந்தத் தெருவில் பத்து ரூபாய்ப் பக்கோடா வாங்குகிறவர்கள் வேறு கடைக்குப் போகிறார்கள் என்று பொருள். சரக்கை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடமோ டாஸ்மாக் கடையோ ரயில் நிலைய வழியோ பக்கத்தில் இருக்கிற அடுத்த கடைக்குப் போங்கள். கொக்கியையும் மறக்காமல் கழற்றிக்கொள்ளுங்கள்.