போல, போல, போல…

அன்புள்ள ஐயா,
என் தோழியின் திருமணத்துக்கு எளிய புதுக்கவிதையில் வாழ்த்து எழுதியிருக்கிறேன்:

நிலவும் வானும் போல
மலரும் மணமும் போல
கடலும் அலையும் போல
இணைபிரியாது வாழ்க!

எதுகை வேண்டுமா? எத்தனை வரி இருக்கலாம்? வீட்டு விஷயங்களைச் சேர்த்தால் மலிவாகிவிடுமா?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

எதுகை தானாக வந்தால் வரட்டும். வரிக்கணக்கை அட்டையின் அளவு பார்த்துக்கொள்ளும். ஆனால் 'மலிவாகிவிடுமா' என்று கேட்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

குறுந்தொகையில் 167ஆம் பாட்டைப் படித்துப் பாருங்கள். கூடலூர் கிழார் பாடியது. சில நாட்களாக அதுதான் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண் கட்டித்தயிரைக் கையால் பிசைகிறாள். ஆடையில் கறை, துவைக்காமலே உடுத்திக்கொண்டு அடுப்படியில் நிற்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. அவள் வைத்த புளிக்குழம்பை 'இனிது' என்று கணவன் உண்கிறான். அவள் முகம் மெல்ல, வெளியே தெரிந்தும் தெரியாமலும் மகிழ்கிறது. பாட்டு அவ்வளவுதான்.

இதில் இயற்கை எங்கே என்று கேட்பீர்கள். அவள் விரல் 'காந்தள் மெல்விரல்', கண் 'குவளை உண்கண்'. 'போல' என்ற சொல்லே அங்கே இல்லை, அது உவமைத்தொகை. காந்தள் எங்கோ மலையில் தனியாகப் பூத்திருக்கவில்லை. தயிர் பிசைகிற கையாகவே வந்துவிட்டது. குவளையில் புகை ஏறுகிறது. காடும் அடுப்படியும் ஒரே உடம்பில்!

உங்கள் கவிதையில் மூன்று 'போல', மூன்று ஜோடி. எந்த ஜோடியும் எதையும் செய்வதில்லை, சும்மா நிற்கிறது. மலரும் மணமும் என்றால் இருவரில் மணம் யார்? தோழியின் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். சரி, 'போல'வை எல்லாம் அடித்துவிட்டு, வானத்தையும் வீட்டையும் ஒரு செயலில் கட்டிப் பார்ப்போம்:

மழை வரும் போலிருக்கிறது என்று
ஒருவர் சொல்லி முடிப்பதற்குள்
மற்றவர்
கொடியில் துணியெடுக்கப்
போயிருக்கட்டும்.

(இந்தப் 'போல்' உவமை இல்லை, சண்டைக்கு வராதீர்கள்.) 'மற்றவர்' என்பதைத் தனி வரியில் விட்டது, படிப்பவர் அங்கே ஒரு கணம் நின்று யார், என்ன என்று காத்திருப்பதற்காக. யாப்பு இல்லாத இடத்தில் அந்த வேலையை வரிமுறிவுதான் செய்யவேண்டும். உங்கள் வரிகள் 'போல' வந்த இடத்திலெல்லாம் உடைகின்றன, அதனால் ஒரு பட்டியல்போல ஒலிக்கின்றன.

அப்புறம், தயவுசெய்து இதன் கீழே 'பல்லாண்டு வாழ்க' என்று சேர்த்துவிடாதீர்கள். வாழ்த்து 'போயிருக்கட்டும்' என்பதிலேயே இருக்கிறது. உங்கள் தோழி துணியை மழையில் நனையவிட்டுத் தூங்குகிறவர் என்றால் இதைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவர் உண்மையில் என்ன செய்வார் என்று யோசியுங்கள். அவரை எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.