புள்ளிப் பட்டியலில் ஏன் எல்லா வரியும் ஒரே மாதிரி தொடங்க வேண்டும்?

கேள்வி: மண்டபத்தில் இறால், கணவாய், நண்டு வாங்கி அனுப்பும் கம்பெனியில் அலுவலக வேலை பார்க்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் முடியும் முன் பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம், தொண்டி ஏஜென்ட்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். "ஜூன் 14-க்குள் கவனிக்க வேண்டியவை" என்று போட்டு, கீழே புள்ளி வைத்து எழுதினேன்:

• ஐஸ் பெட்டிகளைக் கழுவி வைக்கவும்
• எடைத்தராசு முத்திரை
• படகு உரிமையாளர்களின் வங்கிக் கணக்கு விவரம் இன்னும் வரவில்லை
• தொண்டிக்கு வண்டி எப்போது வேண்டும்?
• போன வருஷம் நண்டு தரம் பிரிப்பதில் பிரச்சினை வந்ததால் இந்த வருஷம் கவனம் தேவை

ஐஸ் பெட்டி வேலை மட்டும்தான் நடந்தது. மற்றதற்கெல்லாம் போன் பண்ணி, "என்ன செய்யணும்?" என்று கேட்டார்கள். "வரி எல்லாம் ஒரே மாதிரி இல்லை" என்றார் மேனேஜர். எப்படிச் சரி செய்வது?
— வாசகி, மண்டபம்

பதில்: உங்கள் மேனேஜர் சொன்னது சரி. ஐஸ் பெட்டி வேலை மட்டும் நடந்ததற்குக் காரணம் அந்த ஐந்து வரிகளிலேயே இருக்கிறது. முதல் வரி ஒரு வேலையைச் சொல்கிறது. இரண்டாவது வெறும் பெயர். மூன்றாவது ஒரு நிலவரம், நான்காவது ஒரு கேள்வி, ஐந்தாவது ஒரு காரணமும் கவலையும். முதல் வரியைப் படித்தவுடன், அடுத்ததும் செய்யவேண்டிய ஒரு வேலை என்றுதான் மனம் எதிர்பார்க்கும். வந்தது "எடைத்தராசு முத்திரை". முத்திரை போடச் சொல்கிறீர்களா, போட்டதற்கான சான்றை அனுப்பச் சொல்கிறீர்களா? அதைக் கேட்கத்தான் போன் வந்தது.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இது சுலபம். அங்கே ஏவல் வினை வாக்கியத்தின் தலையிலேயே நிற்கும். வரிக்கு வரி வினையில் தொடங்கினால் முடிந்தது. தமிழில் வினை கடைசியில் வரும். "கழுவுங்கள் ஐஸ் பெட்டிகளை" என்று புரட்டிப் போட்டால் மேடைப் பேச்சு போல ஆகிவிடும். ஆகவே நமக்கு இரண்டு முனையையும் பார்க்க வேண்டியிருக்கிறது. வரியின் தொடக்கத்தில் ஒரே வகைச் சொல் இருக்க வேண்டும், முடிவில் ஒரே வடிவ வினை இருக்க வேண்டும்.

தொடக்கத்தில் எந்த வகைச் சொல் என்பதைப் படிப்பவர் எதைத் தேடுவார் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். வேலைக்கு வேலை கெடு மாறினால் தேதியில் தொடங்கலாம். ஆளுக்கு ஒரு வேலை என்றால் ஊர்ப்பெயரில் தொடங்கலாம். உங்கள் மின்னஞ்சலில் எல்லோருக்கும் ஒரே கெடு, ஒரே வேலைகள். அதனால் எந்தப் பொருளைக் கவனிக்க வேண்டுமோ அதில் தொடங்குவதே நல்லது, அதுவும் ஒரே வேற்றுமையில்: பெட்டிகளை, சான்றை, விவரங்களை. உங்கள் மூன்றாவது வரி "படகு உரிமையாளர்களின்" என்று ஆட்களில் தொடங்கி, கேட்கும் பொருளை நடுவில் புதைத்துவிட்டது. போனில் படிப்பவருக்கு அந்த வரி மடிந்து இரண்டு வரியாகத் தெரியும். இடது ஓரத்தில் கண்ணில் படும் சொல் எதுவோ அதுதான் மனதில் நிற்கும்.

முடிவுக்கு வருவோம். "வைக்கவும்", "வைக்க வேண்டும்", "வையுங்கள்" மூன்றும் சரியான தமிழ்தான், ஆனால் ஒரே பட்டியலில் கலக்கக் கூடாது. கலந்தால், "வேண்டும்" என்று முடிவது கட்டாயம், மற்றது முடிந்தால் செய்வது என்று ஒருவர் நினைத்துக்கொள்ள இடம் கொடுக்கிறோம். இவற்றில் "வைக்கவும்" அறிவிப்புப் பலகையின் நடை. நாள்தோறும் பேசிப் பழகும் ஏஜென்ட்களுக்கு, அதிலும் வயதில் மூத்தவர்களுக்கு, "வையுங்கள்" என்பதுதான் பொருந்தும் என்பேன்.

இனி தலைப்பு. "கவனிக்க வேண்டியவை" என்ற சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் போட முடியும், அதனால்தான் ஐந்து வகை வரிகள் உள்ளே வந்துவிட்டன. தலைப்பை ஒரு முழு வாக்கியமாக்குங்கள்: "ஜூன் 14-க்குள் இவற்றைச் செய்து முடியுங்கள்". பிறகு தலைப்பையும் ஒவ்வொரு வரியையும் சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள். சேர்ந்து வராத வரி திருத்த வேண்டியதாகவோ வெளியே போக வேண்டியதாகவோ இருக்கும்.

உங்கள் வரிகளை அப்படிப் படித்துப் பார்த்தேன். தராசு வரியில் ஒரு வினை சேர்ந்தால் போதும். சான்று உங்கள் கைக்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள்கிறேன். கணக்கு விவர வரியில் "வரவில்லை" என்பதைச் செய்ய வேண்டிய வேலையாக மாற்ற வேண்டும். வண்டி வரி உங்களுக்குப் பதில் வேண்டிய கேள்வி, அதுவும் தொண்டி ஏஜென்ட்டுக்கு மட்டும். நண்டு வரியில்தான் ஒரு விஷயம் வெளிப்பட்டது. விசைப்படகுகளுக்கான தடை ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். தரம் பிரிக்கும் வேலையோ படகு கரைக்கு வந்த பிறகு, கொள்முதலின்போது நடப்பது. ஜூன் 14-க்குள் அதைச் செய்து முடிக்க முடியாது. வடிவம் பொருந்தவில்லை என்று தோன்றிய வரியில் உண்மையில் காலமே பொருந்தவில்லை. இப்படிப் பல தடவை நடக்கும்: ஒரு வரியை மற்றவற்றின் வடிவத்துக்குக் கொண்டுவர எவ்வளவு முயன்றும் வராவிட்டால், அது அந்தப் பட்டியலைச் சேர்ந்ததா என்று கேளுங்கள்.

மிஞ்சுவது மூன்று வரி:

ஜூன் 14-க்குள் இவற்றைச் செய்து முடியுங்கள்:
• ஐஸ் பெட்டிகளைக் கழுவிக் காய வையுங்கள்.
• தராசு முத்திரைச் சான்றைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.
• வங்கிக் கணக்கு விவரங்களைப் படகு உரிமையாளர்களிடம் வாங்கி எனக்கு அனுப்புங்கள்.

நண்டு பற்றி என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் நீங்கள் முடிவு செய்ய வேண்டும். "கவனம் தேவை" என்பதை வைத்து யாரும் எதையும் செய்ய முடியாது. சிறிய நண்டைத் தனிக்கூடையில் போட வேண்டுமா, கால் உடைந்ததைத் தனியே எடை போட வேண்டுமா? இரண்டு மூன்று வேலை இருந்தால் "கொள்முதல் தொடங்கியதும் இப்படிச் செய்யுங்கள்" என்று இரண்டாவது பட்டியல் போடுங்கள். சினை நண்டு வாங்க வேண்டாம் என்பது போன்ற தடை இருந்தால் அதை அந்தப் பட்டியலுக்குள் நுழைக்காதீர்கள். நான்கு "செய்யுங்கள்" நடுவே ஒரு "வேண்டாம்" வந்தால், வேகமாகப் படிப்பவர் அதையும் செய்ய வேண்டியதாகவே எடுத்துக்கொள்வார். பட்டியலுக்குக் கீழே தனி வாக்கியமாக எழுதுங்கள். போன வருஷப் பிரச்சினை என்ற காரணத்தைச் சொல்ல வேண்டுமானால், பட்டியலுக்கு மேலே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

ஒரே வகைச் சொல் என்றால் ஒரே சொல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான்கு வரியும் "ஏஜென்ட்கள்" என்று தொடங்கினால் ஓரத்தில் அந்தச் சொல் மட்டும்தான் தெரியும், வரிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது. அப்படித் திரும்பத் திரும்ப வரும் சொல்லைத் தலைப்புக்கு ஏற்றிவிடுங்கள். வினைக்கும் இதே வழி உண்டு. எல்லா வரியும் "அனுப்புங்கள்" என்றே முடிந்தால், தலைப்பில் "கீழே உள்ளவற்றை அனுப்புங்கள்" என்று எழுதிவிட்டு, வரிகளில் "தராசு முத்திரைச் சான்று", "வங்கிக் கணக்கு விவரம்" என்று பெயரை மட்டும் விடலாம். அப்போது எந்த வரியிலும் வினை நுழையக் கூடாது.

தொண்டி வண்டிக் கேள்வியை மின்னஞ்சலின் கடைசியில், அந்த ஏஜென்ட்டின் பெயரைச் சொல்லி, தனி வரியாகக் கேளுங்கள்: "தொண்டிக்கு முதல் வண்டி எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வேண்டும்?"