கீரையோடு தயிர் சேரலாமா? சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்குச் சில விளக்கங்கள்

கேள்வி: எனக்கு 43 வயது. போன வருஷம் 5 மி.மீ. கல் ஒன்று தானாக வெளியே வந்தது. பரிசோதித்ததில் கால்சியம் ஆக்சலேட் என்றார்கள். அன்றிலிருந்து பாலக், பீட்ரூட், தக்காளி எல்லாம் விட்டுவிட்டேன். கல்லில் கால்சியம் இருக்கிறதே என்று பால், தயிரையும் தொடுவதில்லை. இனி கீரையே சாப்பிடக் கூடாதா? ஒருநாள் பீட்ரூட் ஜூஸ் குடித்ததும் சிறுநீர் சிவப்பாகப் போனது, அது ரத்தமா?

பதில்: முதலில் தயிரைத் திரும்பக் கொண்டுவாருங்கள். நீங்கள் விட்டவற்றில் விட்டிருக்கவே கூடாதது அதுதான்.

கீரையில் உள்ள ஆக்சலேட், குடலிலேயே கால்சியத்தைச் சந்தித்தால் அதோடு ஒட்டிக்கொண்டு கரையாத பொருளாகி மலத்தோடு போய்விடும். சந்திக்கக் கால்சியம் இல்லாவிட்டால் ரத்தத்துக்குள் ஏறி, சிறுநீரகத்துக்குப் போய், அங்கே இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும். எங்கே சேர்கிறது என்பதுதான் வித்தியாசம். பால், தயிரை நிறுத்தியவர்களுக்குக் கல் திரும்ப வரும் வாய்ப்பு கூடுவது இதனால்தான். கீரையும் தயிரும் ஒரே வேளையில் சேரக் கூடாது என்று வீடுகளில் சொல்வார்கள். உங்களைப் பொறுத்தவரை அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்: கீரை சாப்பிடும் வேளையில் ஒரு கிண்ணம் தயிரோ ஒரு டம்ளர் மோரோ கட்டாயம் இருக்கட்டும். காலையில் பால், மதியம் கீரை என்றால் பலன் குறைவு. இரண்டும் ஒரே நேரத்தில் குடலில் இருக்க வேண்டும். எலும்புக்காகக் கால்சியம் மாத்திரை எடுப்பவர்களும் படுக்கப் போகும்போது போடாமல் சாப்பாட்டோடு போடுவது நல்லது.

கீரையை முழுக்க ஒதுக்க வேண்டாம். ஆனால் எந்தக் கீரை என்பது முக்கியம். பாலக்கில், பச்சையாக 100 கிராமில் 600 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சலேட் இருக்கும். உணவில் ஆக்சலேட்டைக் குறைக்கச் சொல்லப்படுகிறவர்களுக்கு நாளைக்கு 100 மில்லிகிராமை ஒட்டி என்பதுதான் வழக்கமான கணக்கு. அப்படியென்றால் இரண்டு கைப்பிடி பாலக்கை மிக்ஸியில் அடித்துக் குடிக்கும் ஒரு டம்ளர் ‘கிரீன் ஜூஸ்’, ஒரு வாரத்தின் பெரும்பகுதிக்கான அளவை ஒரே மூச்சில் உள்ளே அனுப்பிவிடும். உங்களுக்கு இது வேண்டவே வேண்டாம். கொடிப் பசலை, தண்டுக்கீரை, முளைக்கீரை ஆகியவற்றிலும் ஆக்சலேட் அதிகம். பாலக்கையும் கொடிப் பசலையையும் கடைகளில் பெயர் மாற்றிச் சொல்வதுண்டு. எதுவானாலும் விதி ஒன்றே. வெந்தயக்கீரையில் பாலக்கைவிடக் குறைவு, முட்டைக்கோஸில் மிகக் குறைவு. வாரத்தின் மற்ற நாட்களுக்கு இவை போதும். தக்காளியைத் தாராளமாகச் சேருங்கள். அதில் ஆக்சலேட் கொஞ்சம்தான், விதை கல்லாக மாறும் என்பதும் சரியல்ல.

எப்போதாவது தண்டுக்கீரையோ பாலக்கோ சமைக்க ஆசையாக இருந்தால் முறையை மாற்றுங்கள். பொடியாக நறுக்கி, கீரை நன்றாக மூழ்கும் அளவு தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதில் போட்டு 5 முதல் 10 நிமிடம் வேகவிட்டு, வடித்து, கரண்டியால் அழுத்திப் பிழியுங்கள். தண்ணீரில் கரையும் ஆக்சலேட்டில் கணிசமான பகுதி அதிலேயே இறங்கிவிடும். நாம் தவறுவது இதற்குப் பிறகு: சத்து வீணாகக் கூடாது என்று அந்தத் தண்ணீரை ரசத்திலோ சூப்பிலோ ஊற்றிவிடுகிறோம். உங்கள் வீட்டில் அதைக் கொட்டத்தான் வேண்டும். பருப்போடு குக்கரில் வைத்துக் கடைந்தாலும், ஆவியில் வேகவைத்தாலும் வடிப்பதற்குத் தண்ணீர் இல்லை என்பதால் ஆக்சலேட் பெரும்பாலும் அப்படியே நிற்கும். வேகவைத்து வடித்தாலும் பாலக்கில் மிச்சம் நிறைய. அதனால் அளவு இரண்டு மூன்று ஸ்பூன், பக்கத்தில் தயிர்.

பீட்ரூட்டில் பாலக்கைவிட நன்றாகவே குறைவு. துண்டாக்கி வேகவைத்துத் தண்ணீரை வடித்துச் செய்த பொரியல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு சிறு கிண்ணம் என்றால் சிக்கலில்லை. அதன் இலையில் ஆக்சலேட் அதிகம், ஜூஸாகக் குடித்தால் அளவும் கட்டுக்கடங்காது, இரண்டையும் தவிருங்கள். சிறுநீர் சிவந்ததற்கு அநேகமாக பீட்ரூட்டின் நிறமியே காரணம். சிலருக்கு அது அப்படியே சிறுநீரில் இறங்கும், ஓரிரு நாளில் நின்றுவிடும். பீட்ரூட் சாப்பிடாமலே சிவந்தாலோ, நிறுத்தி இரண்டு நாளாகியும் சிவப்பு தொடர்ந்தாலோ சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். காய்ச்சலோடு விலா வலி வந்தாலோ, சிறுநீர் இறங்காமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இவ்வளவு கட்டுப்பாடு உங்களுக்குத் தேவையா என்பதை 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை சொல்லும். வழக்கமாகச் சாப்பிடும் நாளில், காலையில் முதலில் போவதை விட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை எல்லாவற்றையும் சேகரிக்க வேண்டும். ஒருமுறை விட்டுப்போனாலும் கணக்கு தவறும். ஆக்சலேட் 40 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் மேலே சொன்னதைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். தாண்டவில்லை என்றால் பாலக்கையும் ஜூஸையும் மட்டும் விட்டு, உப்பைக் குறைத்து, நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். குடல் அறுவை சிகிச்சை செய்தவர்களும் சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களும் இந்த அளவுகளைத் தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கான கணக்கை மருத்துவர் தனியாகப் போட வேண்டும்.