சோழர் ஆட்சி பற்றிய நூலை மேற்கோள் காட்டுமுன்

"சோழர் ஊராட்சி குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நூலகத்தில் கிடைத்த ஒரு நூலில் எனக்கு வேண்டிய கருத்து அப்படியே இருக்கிறது. முழுவதும் படிக்க இப்போது நேரமில்லை. அதை நம்பி மேற்கோள் காட்டலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

துணைநூற்பட்டியலில் கல்வெட்டுகளுக்கான பகுதியை முதலில் பாருங்கள். அங்கே கல்வெட்டு ஆண்டறிக்கைகள் மட்டும் இருக்கின்றனவா, கல்வெட்டுகளின் முழுப் பாடத்தை அச்சிடும் தென்னிந்தியக் கல்வெட்டுகள், எபிகிராபியா இண்டிகா போன்ற தொகுதிகளும் இருக்கின்றனவா என்பதே முதல் கேள்வி. ஆண்டறிக்கையில் படியெடுத்த ஊர், அரசர், ஆட்சியாண்டு ஆகியவற்றோடு, கல்வெட்டின் சாரம் ஆங்கிலத்தில் சில வரிகளாக இருக்கும். விதிக்கப்பட்ட வரிகளின் பெயர்களையும் நில எல்லைகளையும் கையெழுத்திட்டவர்களையும் அந்தச் சுருக்கம் பெரும்பாலும் விட்டுவிடும். ஆட்சிமுறையை ஆராய்பவருக்கு வேண்டியவை அவைதாம். முழுப் பாடம் அச்சாகாத கல்வெட்டுகள் பல உண்டு என்பதால் ஆண்டறிக்கையைச் சுட்டுவது தவறன்று. ஆனால் அந்த ஆசிரியர் கல்லில் தாளை ஒற்றி மையிட்டு எடுத்த மைப்படிகளைப் பார்த்துப் படித்திருந்தால் அதை முன்னுரையில் பெரும்பாலும் சொல்லியிருப்பார். பட்டியலில் ஆண்டறிக்கை மட்டுமே இருந்து, முன்னுரையும் மைப்படி பற்றிப் பேசவில்லை என்றால், அந்நூல் சுருக்கங்களின் மேல் எழுதப்பட்டது என்று கொள்ளலாம்.

அடுத்து, பிற ஆய்வுகள். நீலகண்ட சாஸ்திரியாரின் 'சோழர்கள்' 1935, 1937 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்து 1955இல் திருத்தம் பெற்றது. அதன்பின் நாடு எனப்பட்ட சோழர்கால உட்பிரிவுகளின் பரப்பைக் கல்வெட்டுகளின் வழி வரையறுத்த சுப்பராயலுவின் நூல் 1973இலும், சோழ அரசு மையத்தில் குவிந்த அரசன்று என்று வாதிட்ட பர்ட்டன் ஸ்டெயினின் நூல் 1980இலும், கல்வெட்டுத் தரவுகளைக் கணக்கிட்டு ஆராய்ந்த நொபொரு கராஷிமாவின் நூல் 1984இலும் வந்தன. 1990க்குப் பின் எழுதப்பட்ட நூல் இவற்றை ஏற்க வேண்டியதில்லை, மறுக்கலாம். ஆனால் அறியாமல் இருக்க முடியாது. பட்டியலில் பெயர் இருப்பதும் போதாது. இம்மூன்றையும் அடிக்குறிப்புகளில் தேடுங்கள். பட்டியலில் இருந்து ஒரு குறிப்பில்கூட வராத நூல் வெறும் அலங்காரம். மறுபதிப்பின் ஆண்டை முதற்பதிப்பின் ஆண்டாகப் போட்டிருந்தால், பழைய கருத்து புதிய கருத்துபோலத் தோன்றிவிடும் என்பதால், அதையும் கவனியுங்கள்.

முன்னுரையில் பாராட்டுகளைத் தாண்டி ஒன்றை மட்டும் தேடுங்கள்: நூல் எப்போது, எதிலிருந்து உருவானது? ஓர் ஆய்வேட்டின் அச்சு வடிவம் என்றால், ஏடு அளிக்கப்பட்ட ஆண்டே அதன் உண்மையான வயது. இடையில் திருத்தியதாக ஆசிரியர் சொல்லாத வரை அப்படித்தான் கொள்ள வேண்டும்.

சொல்லடைவுதான் நூலின் உள்ளே நுழையும் வாசல். அரசர் பெயர்களும் போர்க்களங்களும் நிறைந்து, நாட்டார், பிரமதேயம், காணி, இறையிலி போன்ற சொற்கள் இல்லை என்றால், தலைப்பில் ஆட்சிமுறை என்று இருந்தாலும் அது அரச வரலாறு. தமிழில் நல்ல நூல்களிலேயே சொல்லடைவு இல்லாத வழக்கம் உண்டு என்பதால், இல்லாமையை மட்டும் குற்றமாகக் கொள்ளாதீர்கள். அப்போது பொருளடக்கத்தைக் கொண்டு தேடுங்கள்.

சொல்லடைவு இருந்தால், உங்கள் தலைப்புக்கு மிக நெருங்கிய சொல்லை எடுத்து அது சுட்டும் பக்கங்களுக்கு நேரே போங்கள். நான் 'குடவோலை'யை எடுப்பேன். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த இரண்டு கல்வெட்டுகள் அதைப் பேசுகின்றன: ஒன்று 919, மற்றொன்று 921. முதலாவதில் வாரிய உறுப்பினருக்கான வயது 30 முதல் 60. இரண்டாவதில் அது 35 முதல் 70 என மாற்றப்பட்டது. ஒருமுறை என் கைக்கு வந்த நூலில் 35 முதல் 70 என்ற வரம்பு 919இன் பெயரில் இருந்தது. அடிக்குறிப்பில் கல்வெட்டுப் பாடம் சுட்டப்படவில்லை. இன்னொரு பொது வரலாற்று நூல் இருந்தது. அதே பக்கத்தில், சோழ நாட்டின் ஊர்கள் அனைத்திலும் இம்முறை இருந்தது என்ற வாக்கியமும் நின்றது. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊர். கல்வெட்டு அதன் சபையைப் பற்றியது. வேளாண் ஊர்களின் ஊராருக்கு அதை நீட்டச் சான்று வேண்டும். திரும்பிப் பார்த்தால், அந்நூலின் பட்டியலில் ஆண்டறிக்கை மட்டுமே இருந்தது, முன்னுரையோ மைப்படி பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

ஆயினும் நான் அதை ஒதுக்கிவிடவில்லை. ஆசிரியர் தம் சொந்த ஊர்க் கோயிலின் கல்வெட்டுகளை நேரில் படித்ததாக முன்னுரையில் எழுதியிருந்தார். அந்த இயலின் அடிக்குறிப்புகளும் வரி எண்ணோடு பாடத்தைத் தந்தன. அந்த ஓர் இயலை மேற்கோள் காட்டினேன். குடவோலைக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டின் பாடத்தையே எடுத்துச் சுட்டினேன். உங்கள் கையில் இருக்கும் நூலிலும், உங்களுக்கு வேண்டிய கருத்து நிற்கும் பக்கத்தின் அடிக்குறிப்பு எங்கே கொண்டுபோகிறது என்று பாருங்கள்: கல்வெட்டுக்குப் போனால் அந்தப் பக்கத்தைச் சுட்டலாம், இன்னொரு நூலுக்குப் போனால் அந்த நூலைத் தேடி எடுங்கள்.