ஐந்தாவது நோட்டு வந்ததும் ஆட்டம் கைமாறியது ஏன்?

கேள்வி: சார், நான் பட்டர்வொர்த். பினாங்கில் கணினி டிப்ளோமா படிக்கிறேன். நோட்டுகளை வரிசையாக வைத்து, இரண்டு பேர் மாறி மாறி ஏதாவது ஒரு முனையிலிருந்து ஒரு நோட்டு எடுக்க வேண்டும், மொத்தம் அதிகம் உள்ளவர் வெற்றி, இதுதான் கணக்கு. 5, 20, 100, 10 என்று வைத்தால் முதல் ஆள் ஜெயிப்பான் என்றது என் புரோகிராம். சரியாக இருந்தது. கடைசியில் ஒரு 50 வெள்ளி சேர்த்தேன். இப்பவும் முதல் ஆள்தான், 45 வெள்ளி கூடுதலாக வரும் என்கிறது. ஆனால் அண்ணனோடு விளையாடினால் நான்தான் முதலில் எடுக்கிறேன், ஒவ்வொரு தடவையும் தோற்கிறேன். சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். எங்கே தப்பு? (`d` முழுக்க 0 போட்டு, மூலைவிட்டத்தில் மட்டும் எண்களை நிரப்பிவிட்டு இதை ஓட்டுகிறேன்.)

```python
for i in range(n):
    for j in range(i + 1, n):
        d[i][j] = max(a[i] - d[i+1][j],
                      a[j] - d[i][j-1])
```

பதில்: அண்ணன் ஜெயிப்பதில் அதிர்ஷ்டம் ஒன்றும் இல்லை, தம்பி. இருவரும் பிசகாமல் ஆடினால் அவருக்கு 105 வெள்ளி, உங்களுக்கு 80. உங்கள் சூத்திரம் சரி. தப்பு முதல் வரியில் இருக்கிறது: `i`-இன் மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது, அது இறங்கிக்கொண்டே வர வேண்டும்.

அந்த 45 எப்படி வந்தது என்று கையால் போட்டுப் பார்ப்போம். `a` உங்கள் நோட்டு வரிசை; `d[i][j]` என்பது `i` முதல் `j` வரையுள்ள நோட்டுகளில் முதலில் எடுப்பவருக்கு வரும் கூடுதல். `i` 0-ஆக இருக்கும்போதே உங்கள் லூப் முதல் வரிசை முழுவதையும் முடித்துவிடுகிறது. `d[0][1]` 15, சரி. `d[0][2]`-க்கு `d[1][2]` வேண்டும். அது இன்னும் கணக்கிடப்படவில்லை, 0-ஆகவே கிடக்கிறது. இருந்தும் 5 − 0, 100 − 15 இரண்டில் பெரியது 85 என்பதால் விடை தற்செயலாகச் சரியாகிவிடுகிறது. `d[0][3]`-இல்தான் வண்டி தடம் புரள்கிறது. 5 − 0 = 5, 10 − 85 = −75; பெரியது 5. உண்மையில் அங்கே 75 வரவேண்டும். அந்தத் தப்பான 5 அடுத்த கட்டத்துக்குப் போய் 50 − 5 = 45 ஆகிறது.

இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. மூன்று நோட்டும் அதற்கு மேலும் உள்ள எந்த வரிசைக்கும் `d[0][n-1]` கணக்கிடும்போது `d[1][n-1]` காலியாகத்தான் இருக்கும். ஆகவே விடை `a[0] - 0`-ஐ விடக் குறையவே முடியாது. வெள்ளி நோட்டில் குறை எண் ஏது? அதனால் எந்த வரிசையைக் கொடுத்தாலும் உங்கள் புரோகிராம் முதல் ஆளே ஜெயிப்பார் என்றுதான் சொல்லும். 1, 5, 2 என்ற மூன்று எண்களைக் கொடுத்துப் பாருங்கள். எந்த முனையை எடுத்தாலும் அடுத்தவருக்கு 5 கிடைத்துவிடும், முதல் ஆள் 3-ஓடு நிற்பார். சரியான விடை −2. உங்களுக்கு +1 வரும். இந்தப் பிழையைப் பிடிக்க இதைவிடச் சின்னச் சோதனை கிடையாது.

சரி, நான்கு நோட்டில் ஏன் மாட்டவில்லை? நோட்டுகள் இரட்டைப்படையாக இருந்தால் முதல் ஆள் தோற்கவே மாட்டார். உங்கள் வரிசையில் ஒன்றாம், மூன்றாம் இடங்களில் 5-ம் 100-ம், கூட்டினால் 105. இரண்டாம், நான்காம் இடங்களில் 20-ம் 10-ம், மொத்தம் 30. முதல் ஆள் 5-ஐ எடுத்தால் இரு முனையிலும் 20-ம் 10-ம் நிற்கும். அண்ணன் எதைத் தொட்டாலும் பக்கத்திலிருக்கும் 100 உங்களுக்குத் திறந்துவிடும். எத்தனை நோட்டு இருந்தாலும், எண்ணிக்கை இரட்டை என்றால் இப்படி ஒற்றை இடங்களையோ இரட்டை இடங்களையோ முதல் ஆள் முழுதாகத் தன் வசம் வைத்துக்கொள்ள முடியும். கூட்டிப் பார்த்துப் பெரிய பக்கத்தைப் பிடித்தால் போதும். எப்போதும் 'முதல் ஆள்' என்று சொல்லும் புரோகிராம் இரட்டைப்படைச் சோதனைகளில் எப்போதும் பாஸ்தான். லீட்கோட்டில் 877-ஆம் கணக்கு இதே ஆட்டம், ஆனால் குவியல்கள் இரட்டைப்படை, மொத்தம் ஒற்றைப்படை என்று நிபந்தனை. `return True` என்று ஒரு வரி எழுதினாலே முடிந்தது. உங்கள் கணக்கு அங்கே 486. அதில் அந்தச் சலுகை இல்லை.

ஐந்தாவது நோட்டு என்ன செய்கிறது என்று பார்த்தால் கழித்தல் குறியின் அர்த்தமும் புரியும். `d[i][j]` என்பது `i` முதல் `j` வரையுள்ள நோட்டுகள் மட்டும் மிஞ்சியிருக்கும்போது, இப்போது எடுக்கப்போகிறவர் எதிராளியை விட எவ்வளவு கூடுதலாகச் சேர்ப்பார் என்பது. 'இப்போது எடுக்கப்போகிறவர்' யார் என்பதைப் பற்றிக் கவலையே இல்லை. நீங்கள் ஒன்றை எடுத்ததும் மீதி வரிசைக்கு முதல் ஆள் அண்ணன். அவருடைய ஆதாயம் உங்களுக்கு நஷ்டம், ஆகவே கழிக்கிறோம். இப்போது 5, 20, 100, 10, 50. நீங்கள் 50-ஐ எடுத்தால் அண்ணன் முன்னால் நிற்பது பழைய நான்கு நோட்டு. அதில் முதல் ஆளுக்கு 75 கூடுதல் என்று பார்த்தோம். 50 − 75 = −25. நீங்கள் 5-ஐ எடுத்தால் அவருக்கு 20, 100, 10, 50 கிடைக்கும்; அதில் அவருக்கு 120 கூடுதல், 5 − 120 = −115. இரண்டில் சேதம் குறைவானது −25. நான்கு நோட்டில் உங்களைக் காப்பாற்றிய அதே இரட்டைப்படைச் சாதகத்தை, முதல் நோட்டை எடுத்த கையோடு அண்ணனிடம் நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள்.

இதை வைத்து ஒற்றைப்படை என்றாலே முதல் ஆள் தோல்வி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 50, 5, 20 என்று வைத்தால் முதல் ஆள் 50-ஐ எடுத்து 35 வித்தியாசத்தில் ஜெயிக்கிறார். ஒற்றைப்படையில் குறுக்கு வழி இல்லை, கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

ஒரு நீளமான இடைவெளிக்கு விடை வேண்டுமென்றால், அதைவிட ஒரு நோட்டு குறைந்த இரண்டு இடைவெளிகளின் விடை முன்பே தயாராக இருக்க வேண்டும். அட்டவணையில் அவை ஒன்று நேர் கீழேயும் மற்றது இடப்பக்கத்திலும் இருக்கும். கீழ் வரிசையிலிருந்து மேலே வந்தால் இரண்டும் எப்போதும் தயார்:

```python
def first_wins(a):
    n = len(a)
    d = [[0] * n for _ in range(n)]
    for i in range(n - 1, -1, -1):
        d[i][i] = a[i]
        for j in range(i + 1, n):
            d[i][j] = max(a[i] - d[i+1][j],
                          a[j] - d[i][j-1])
    return d[0][n-1] >= 0
```

உங்கள் ஐந்து நோட்டுக்கு இது நிரப்பும் அட்டவணை:

```
      j=0   j=1   j=2   j=3   j=4
i=0     5    15    85    75   -25
i=1           20    80   -70   120
i=2                100    90    60
i=3                       10    40
i=4                             50
```

உங்கள் பழைய புரோகிராமின் அட்டவணையையும் அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வரிசையில் 75-க்குப் பதில் 5, −25-க்குப் பதில் 45 என்று இருக்கும். லூப் முடியும்போது `d[1][3]`, `d[1][4]` கட்டங்களிலும் எண்கள் இருக்கும் என்பதால், கடைசியில் மட்டும் பார்ப்பவருக்குக் காலி கட்டம் எதுவும் கண்ணில் படாது. அதனால்தான் இந்தப் பிழை இத்தனை பேரை அலைக்கழிக்கிறது. 0 போட்டு ஆரம்பிக்காமல் `None` போட்டு ஆரம்பித்திருந்தால் பைத்தான் அந்த இடத்திலேயே பிழை காட்டி நின்றிருக்கும். கற்றுக்கொள்ளும் காலத்தில் அந்தப் பழக்கம் நல்லது என்பது என் கருத்து.

அட்டவணை இருந்தால் ஆட்டத்தையே ஆடிக் காட்டலாம். நீங்கள் 50. அண்ணனிடம் `d[0][3]`: 5 எடுத்தால் 5 + 70 = 75, 10 எடுத்தால் 10 − 85 = −75. அவர் பேசாமல் 5-ஐ எடுப்பார். கைக்கெட்டும் 10-ஐ விட்டுவிட்டு 5-ஐ எடுப்பதில்தான் அவருடைய வெற்றியே இருக்கிறது. கண்ணுக்குப் பெரியதை எடுக்கிற ஆள் இங்கே 100-ஐத் தாரை வார்த்துவிடுவார். இப்போது உங்கள் முன் 20, 100, 10. எதை எடுத்தாலும் −70 தான். 20 எடுக்கிறீர்கள், அவர் 100, கடைசி 10 உங்களுக்கு. 50 + 20 + 10 = 80; அவருக்கு 5 + 100 = 105. அட்டவணை இல்லாமலும் இந்தத் தொகை கிடைக்கும்: மொத்தம் 185, வித்தியாசம் −25, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் உங்கள் பங்கு 80.

கடைசி வரியில் `>=` போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 486-இல் சமமாக முடிந்தாலும் முதல் ஆள் வென்றதாகக் கணக்கு. 10, 10 என்று இரண்டு நோட்டு வைத்தால் வித்தியாசம் 0; `>` போட்டால் அங்கே தப்பாகும். உங்கள் வீட்டு விதிப்படி சமம் என்றால் சமம் என்று இருந்தால் 0-வைத் தனியாகச் சொல்லுங்கள்.

வரிசை முறை குழப்பினால் ரிகர்ஷனாக எழுதி, கண்ட விடைகளைச் சேமித்து வைக்கலாம். தேவையானதை அதுவே முதலில் போய்க் கணக்கிட்டுக்கொள்ளும். சேமிக்க மட்டும் மறக்க வேண்டாம். 20 நோட்டுக்கு வெவ்வேறு இடைவெளிகள் 210 தான். சேமிக்காமல் ஓடினால் பத்து லட்சத்துக்கு மேல் அழைப்புகள். 5000 எண்கள் என்று வந்தால் மட்டும் அட்டவணையே சுமையாகும், 25 மில்லியன் கட்டங்கள். அப்போது ஒரே வரிசையை வைத்துக்கொண்டு `d[j] = max(a[i] - d[j], a[j] - d[j-1])` என்று அதன் மேலேயே எழுதிப் போகலாம். வலப்பக்கத்து `d[j]` கீழ் வரிசையின் பழைய மதிப்பு, `d[j-1]` இப்போது எழுதிய புதிய மதிப்பு. `i`-இன் மதிப்பு இறங்கிக்கொண்டே வந்தால்தான் இதுவும் வேலை செய்யும்.

அப்புறம், அண்ணன் விதியை மாற்றி, ஒரு முனையிலிருந்து இரண்டு நோட்டு வரை எடுக்கலாம் என்றால், `max`-க்குள் `a[i] + a[i+1] - d[i+2][j]` என்பதும், வலப்பக்கத்துக்கு அதேபோல் ஒன்றும் சேரும். இரண்டு நோட்டு மட்டுமே மிஞ்சியிருக்கும்போது அந்த `d[i+2][j]` ஒன்றுமே இல்லாத இடைவெளி, அதன் மதிப்பு உண்மையாகவே 0. அந்த ஒரு 0-வை மட்டும் நம்பலாம். `i+2` அட்டவணைக்கு வெளியே போய்விடாமலிருக்க, ஓரத்தில் கூடுதலாக ஒரு வரிசையும் ஒரு பத்தியும் விட்டுவிடுங்கள்.