‘பொறுப்பில்லாதவர்’ என்று எழுதுவதற்கு முன்: தகுதிகாண் அறிக்கை பற்றிய கேள்வி பதில்

சுன்னாகத்திலிருந்து ஒரு மேற்பார்வையாளர்: அக்கா, எங்கள் கட்டடப் பொருட்கள் கடையில் காசாளராகச் சேர்ந்த பிள்ளைக்கு ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிகிறது. ‘பொறுப்பில்லை, வேகம் போதாது’ என்று எழுதினேன். முகாமையாளர் ஆதாரம் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். எப்படி எழுதுவது?

பதில்: அந்த இரண்டு சொற்களையும் எழுத உங்களைத் தூண்டிய சம்பவங்களை முதலில் தேடி எடுங்கள். நாள் முடிவுக் காசுக் கணக்கு மாலை ஐந்தரைக்குள் உங்கள் மேசைக்கு வரவேண்டும் என்பது அவருடைய கடமைப் பட்டியலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மார்ச் மாதக் கணக்குத் தாள்களைப் புரட்டும்போது 24 வேலை நாட்களில் 7 நாட்கள் பிந்தியிருப்பது தெரிகிறது. இந்த இடத்தில்தான் பலர் பேனாவை எடுத்துவிடுகிறார்கள். எடுக்க வேண்டாம், ஒவ்வொரு நாளும் ஏன் பிந்தியது என்று பாருங்கள். 4 நாட்களில் வெளியிடத்துக்குச் சாமான் கொண்டுபோன லொறிச் சாரதி காசைக் கடை பூட்டும் நேரத்தில்தான் ஒப்படைத்திருந்தால், அந்த நான்கும் அந்தப் பிள்ளையின் கணக்கில் சேரா. மிச்சம் 3 நாட்கள். அந்த மூன்றிலும் அட்டை இயந்திரத்தின் மொத்தத்தைப் பற்றுச்சீட்டுகளோடு ஒப்பிடுவதில்தான் அவர் தடுமாறியிருக்கிறார் என்றால், குறை பொறுப்பில் அல்ல, ஒரு குறிப்பிட்ட வேலையைப் பழகாமையில் இருக்கிறது.

அடுத்து, அதை அவருக்குச் சொன்னீர்களா, எப்போது சொன்னீர்கள், சொன்னபின் என்ன மாறியது என்பதையும் சேர்த்து இப்படி எழுதுங்கள்: “மார்ச்சில் 24 வேலை நாட்களில் 3 நாட்கள், அட்டைக் கொடுப்பனவுகளை ஒப்பிடுவதில் ஏற்பட்ட தாமதத்தால் கணக்கு ஐந்தரைக்குப் பின் கிடைத்தது. மார்ச் 28 அன்று ஒப்பிடும் முறை காட்டிக் கொடுக்கப்பட்டது. அதன்பின் இரண்டு மாதங்களில் ஒரு நாள் மட்டுமே பிந்தியது. ஆறு மாதமும் காசு இருப்பில் குறைவு காணப்படவில்லை.” கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். நன்றாகச் செய்ததை ‘நல்லவர்’ என்று பொதுவாகவும் குறையை மட்டும் திகதியோடும் எழுதினால், வாசிப்பவருக்குக் குறைதான் நிலைக்கும்.

கொக்குவிலிலிருந்து: அப்படியானால் அறிக்கையில் எண்கள் மட்டும் இருந்தால் போதும், கருத்தே வேண்டாம் அல்லவா?

பதில்: பாதி சரி. வாடிக்கையாளரோடு பேசும் முறையை எண்ணால் காட்ட முடியாது. அங்கே நடந்ததை எழுதுங்கள்: எந்த நாள், வாடிக்கையாளர் என்ன கேட்டார், இவர் என்ன சொன்னார், நீங்கள் நேரில் கேட்டீர்களா, பிறர் சொன்னார்களா. உங்கள் கருத்து அதன்பின் வரலாம்.

சாவகச்சேரியிலிருந்து: ‘சுறுசுறுப்பு இல்லை’ என்று எழுதலாமா?

பதில்: முதற் பதிலைப் பாருங்கள்.

மானிப்பாயிலிருந்து: தகுதிகாண் காலத்தில் ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டுமா?

பதில்: ஆம், முதல் நாளிலிருந்தே, தொழில்தருநர் 12 வீதம், ஊழியர் 8 வீதம். மேலதிகமானவற்றைத் தொழில் திணைக்களத்தில் கேளுங்கள்; இங்கே அறிக்கையைப் பற்றியே பேசுவோம்.

பருத்தித்துறையிலிருந்து, ஓய்வுபெற்ற நிருவாக உத்தியோகத்தர்: ஊழியருக்கு முன்னர் சொல்லாத குறையை அறிக்கையில் எழுதவே கூடாது என்கிறீர்கள் போலும். கடைசி வாரத்தில் ஒரு போலிப் பற்றுச்சீட்டு அகப்பட்டால் என்ன செய்வது?

பதில்: ஐயா, அதை எழுதத்தான் வேண்டும், கண்டுபிடித்த திகதியோடும், அந்த ஊழியர் கொடுத்த விளக்கத்தோடும். ஆனால் மூன்றாம் மாதத்திலேயே கண்ட சிறு குறையை வாய் திறக்காமல் வைத்திருந்து ஆறாம் மாதத்தில் எழுதுவது, திருந்துவதற்கான காலத்தை அவரிடமிருந்து பறிப்பதாகும்.

அவரே மீண்டும்: வளர்ந்த ஆளுக்கு நேரம் தவறாமையையும் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? சொல்லாவிட்டாலும் குறை குறைதானே.

பதில்: குறைதான். ஆயினும் சொன்னபின் திருந்தினாரா என்பதே அவரை நிரந்தரமாக்குவதா என்று தீர்மானிக்கப் பெரிதும் உதவும் தகவல். சொல்லாதபோது அது நமக்குக் கிடைப்பதில்லை. இதில் நானும் நீங்களும் உடன்படமாட்டோம் என்று தெரிகிறது.

சாவகச்சேரியிலிருந்து இன்னொருவர்: ‘மனப்பான்மை சரியில்லை’ என்பது?

பதில்: அதுவும் அதேதான். இச்சொல்லைத் தயவுசெய்து கைவிடுங்கள். இதை எந்த ஊழியராலும் மறுக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது.

நல்லூரிலிருந்து: நான் புதிய ஊழியர். திருவிழா நாட்களில் வீதிகள் மூடப்பட்டதால் சில நாட்கள் பிந்தினேன். அனுமதி பெற்று எடுத்த லீவையும் சேர்த்து ‘வரவு ஒழுங்கில்லை’ என்று எழுதியிருக்கிறார்கள்.

பதில்: அனுமதித்த லீவை வரவுக் குறையாக எழுதியது நியாயமில்லை தம்பி. வரவுப் பதிவின் பிரதியைக் கேட்டு வாங்கி, லீவு நாட்களையும் பிந்திய நாட்களையும் வேறாக்கி, வீதி மூடியிருந்த திகதிகளைக் குறித்து எழுத்தில் விளக்கம் கொடுங்கள். அதை அறிக்கையோடு கோவையில் சேர்க்கும்படி கேளுங்கள். திருவிழா இருபத்தைந்து நாட்கள் நடப்பதும் வீதிகள் மூடப்படுவதும் முன்கூட்டியே தெரிந்தவை என்பதால், பிந்துதலுக்கு அவர்கள் எதிர்வாதம் வைக்கலாம். மாற்றுவழியாலும் நேரத்துக்கு வர முடியாத நாட்கள் எவை என்பதை மட்டும் உண்மையாகப் பிரித்துக் காட்டுங்கள்.